துரைக்குச் சொன்ன ‘சரி’யும் மலையில் நடக்கும் காரியமும்

*“தோட்டத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக இருக்கிறேன், வயது 28. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் வெளிக்கள ஐயா எல்லாவற்றுக்கும் ‘சரிங்க, செஞ்சிடுவோம்’ என்கிறார். மலைக்குப் போனதும் நேர்மாறாக நடக்கிறது. கேட்டால் சிரித்துக்கொண்டே ‘பார்ப்போம் தம்பி’ என்கிறார். ஆறு மாதமாக இதே கதை. துரையிடம் சொன்னால் கோள்சொல்லி என்ற பெயர்தான் மிஞ்சும். அவர் சண்டைக்கே வருவதில்லை என்பதால் சண்டை போடவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?”*

தம்பி, இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நீங்கள் சொல்லும் அந்த வெளிக்கள ஐயாவாக ஒரு காலத்தில் நானே இருந்திருக்கிறேன். 30 வருடம் தோட்டங்களில் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் வெளிக்களம், கடைசிக் கொஞ்ச வருடம் புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மலையில் வேறு வேலை பார்க்கும் கலையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதனால் அவருடைய பக்கத்தில் இருந்தே தொடங்குகிறேன். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் ‘சரி’யைப் பார்ப்போம். நம் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்கு மூன்று வேலை. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கும் சரி, ‘நீங்கள் சொல்வது நியாயம்’ என்பதற்கும் சரி, ‘நான் செய்கிறேன்’ என்பதற்கும் சரி. துரைக்கு முன்னால் சொல்லப்படும் சரி பெரும்பாலும் முதல் வகை. காது கேட்டது, அவ்வளவுதான். நீங்கள் அதை மூன்றாம் வகையாக எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, திரும்புகிறீர்கள். அவரோ எதற்கும் ஒப்புக்கொள்ளாமலே கூட்டத்தை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

துரையிடம் ‘இல்லை’ என்று சொல்லாத பழக்கம் நேற்று வந்ததல்ல. கோப்பிக் காலத்திலிருந்து தோட்டம் முழுவதும் மேலிருந்து கீழே கட்டளை இறங்குகிற அமைப்பு. பெரிய துரை, சின்ன துரை, ஐயாமார், கணக்கப்பிள்ளை, கங்காணி, அப்புறம்தான் ஆட்கள். இந்தப் படியில் நின்றுகொண்டு மேலே பார்த்து ‘அது நடக்காதுங்க’ என்று சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்பதை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

பயிற்சி வேலைக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டு செயலில் எதிர்க்கும் இந்தக் குணத்துக்கு ‘பாசிவ் அக்ரெசிவ்’ என்ற தனிப்பெயர் முதலில் கிடைத்தது இராணுவத்தில். 1945இல் அமெரிக்க இராணுவத்தின் மருத்துவ அறிக்கை ஒன்றில், வில்லியம் மெனிங்கர் என்ற மனநல மருத்துவர் வழிகாட்டிய வகைப்பாட்டில் அது வந்தது. கட்டளையை மறுக்காமல், ஆனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டும் காலம் கடத்தியும் வேலையை அரைகுறையாகச் செய்தும் எதிர்ப்பைக் காட்டும் சிப்பாய்களைப் பற்றிய குறிப்பு. பிறகு 1952இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஒரு ஆளுமைக் கோளாறாகவே அதைச் சேர்த்தார்கள். 1994இல் ‘இன்னும் ஆராய வேண்டியவை’ என்ற பின்னிணைப்புக்குத் தள்ளினார்கள். 2013 பதிப்பில் அது இல்லை. நோய் என்று பெயர் வைத்தது நிலைக்கவில்லை, சிப்பாய்களைப் பற்றிய விவரிப்பு மட்டும் நின்றுவிட்டது. மறுப்பு தண்டனைக்குரியதாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் இப்படித்தான் மறுப்பார்கள். பட்டாளத்துக்கு அடுத்தபடியாக அப்படிப்பட்ட இடம் எது என்று கேட்டால் நான் தோட்டத்தைத்தான் சொல்வேன்.

இனி என் கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம், ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் டிவிஷனில் கொழுந்து எடுக்கிற மலைகள் எல்லாம் சேர்த்து 42 ஹெக்டயர். அப்போது இருந்த டீமேக்கர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, எல்லா மலையையும் ஏழு நாளுக்கு ஒரு தடவை சுற்றி முடிக்க வேண்டும். இரண்டு, காலை நிறுவைக் கொழுந்து பதினொரு மணிக்கு முன் ஸ்டோருக்கு வர வேண்டும். துரை என்னைப் பார்த்தார். நான் ‘சரிங்க சேர்’ என்றேன். இரண்டும் நடக்கவில்லை. ஆனால் இரண்டும் நடக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றல்ல.

ஏழு நாள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் என்றால் ஞாயிறு போக ஆறு வேலை நாள். 42 ஹெக்டயரை ஆறு நாளில் முடிக்க நாளுக்கு ஏழு ஹெக்டயர் எடுக்க வேண்டும். அந்த மலைகளில், அந்தக் காலத்தில், ஒரு ஆள் ஒரு நாளில் எட்டில் ஒரு பங்கு ஹெக்டயர் எடுக்கும். அப்படியானால் தினமும் 56 ஆள் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வர வேண்டும். ஆட்களின் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் இருந்தது என்னவோ 60க்கு மேல். காலையில் வந்து நின்றது 40. மற்றவர்கள் நுவரெலியா மரக்கறித் தோட்டத்துக்கும், கட்டட வேலைக்கும், கொழும்புக் கடைகளுக்கும் போய்விட்டார்கள். 40 ஆளை வைத்து நாளுக்கு ஐந்து ஹெக்டயர்தான் முடியும். 42ஐ ஐந்தால் வகுத்தால் எட்டரை வேலை நாள், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் பத்து நாளுக்குப் பக்கம். அதாவது ‘சரிங்க சேர்’ என்று நான் சொன்ன நிமிடத்திலேயே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். இந்தக் கணக்கைப் போடப் பென்சில்கூடத் தேவையில்லை. பிரட்டுக்களத்தில் தினம் நிற்பவனுக்கு அது மனப்பாடம்.

பத்து நாளானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு இலையும் மொட்டுமாக வர வேண்டியது மூன்று இலை, நான்கு இலையாக முற்றி வரும். எடை நிற்கும், தரம் நிற்காது. அரைத்த பிறகு குச்சியும் நாருமாக உங்கள் தலையில் விழும். ஆனால் மலையில் நிற்கும் எனக்கு அந்த முற்றல் கொழுந்தில் ஒரு சௌகரியமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் முழுச் சம்பளமான முழுப்பேர் விழ 18 கிலோ வேண்டும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது போக. இளங்கொழுந்தாக எடுக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு 18 வராது. அரைப்பேர் போட்டால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் முகத்துக்கு நேரே கத்துவார்கள். மாலையில் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் 40 என்பது 30 ஆகும். உங்களை அளப்பது கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலையை வைத்து. என்னை அளந்தது சாயங்காலம் எத்தனை கிலோ என்பதை வைத்து. துரை இரண்டு பேரிடமும் இரண்டையும் கேட்பார், ஒரே கூட்டத்தில்.

சரி, அப்படியானால் அதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு முந்தைய வருடம் சொல்லிப் பார்த்தேன். “ஆள் கொண்டு வர்றது உங்க வேலை, அதுக்குத்தான் சம்பளம்” என்று துரை சொன்னார். மூன்று ஐயாமார் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் ‘இல்லை’ என்று சொன்னதே கிடையாது.

இரண்டாவது விஷயம் அப்படியல்ல. காலை நிறுவை பத்து மணிக்கு. ஸ்டோருக்கு லொறி இருபது நிமிடம். பதினொரு மணிக்கு முன் தாராளமாக அனுப்பலாம். நான் அனுப்பவில்லை. மத்தியான நிறுவையோடு சேர்த்து ஒரே லோடாக அனுப்பினேன். காரணம் கேட்டால் லொறி, டீசல், மழை என்று ஏதாவது சொல்வேன். உண்மையான காரணம் சின்னத்தனமானது. அந்த டீமேக்கர் அதை என்னிடம் முதலில் கேட்காமல் துரைக்கு முன்னால் போட்டுடைத்தார். எனக்கு வயது அவரைவிட அதிகம். ‘என் மலைக்கு இவர் நேரம் குறிக்கிறாரா’ என்ற எண்ணம். வெயிலில் மூன்று மணி நேரம் அடைத்துவைத்த சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள், அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானை மாதிரிச் சுடும். அமுங்கிய கொழுந்து மடுவத்திலேயே சிவக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சூட்டை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் லொறியை அனுப்பவில்லை.

ஆக, ஒரே ஆள், ஒரே கூட்டம், ஒரே ‘சரிங்க’. ஒன்று முடியாதது, மற்றது மனமில்லாதது. உங்கள் ஐயாவிடமும் இரண்டும் கலந்துதான் இருக்கும். நீங்கள் ஆறு மாதமாக இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முடியாததை மனமில்லாததாக நினைத்துக் குறை சொன்னால் மனிதருக்கு ஆத்திரம் வரும். மனமில்லாததை முடியாததாக நினைத்து விட்டுக்கொடுத்தால் அவருக்குப் பழகிவிடும்.

எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மாதம் போதும். ஒரு சின்னக் கொப்பியில் கூட்டத்தில் முடிவானதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் கண்ணுக்கு மட்டும், யாரிடமும் காட்ட வேண்டாம். பிறகு அந்த மீறல் எதைப் பின்தொடர்ந்து போகிறது என்று பாருங்கள். ஆள் வரவு குறைந்த நாளில், மழை நாளில், சம்பளத்துக்கு மறுநாளில் மட்டும் பிசகினால் அது முடியாமை. ஆள் நிறைய வந்த நாளிலும் அதே பிசகு என்றால் யோசிக்க வேண்டும். இன்னொன்று, யார் சொன்ன யோசனை பிசகுகிறது என்று பாருங்கள். சின்ன துரை சொன்னது நடந்து, நீங்கள் சொன்னது மட்டும் நடக்கவில்லை என்றால், பிரச்சினை கொழுந்தில் இல்லை, உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. என் விஷயத்தில் அந்த டீமேக்கர் இதைக் கண்டுபிடித்தது லொறியை வைத்துத்தான். ஒரு நாள் சின்ன துரை ஏதோ அவசரத்துக்குக் காலைக் கொழுந்தை உடனே அனுப்பச் சொன்னார். பத்தரைக்கு லொறி ஸ்டோர் வாசலில் நின்றது. அன்றைக்கு டீசல் பிரச்சினையும் இல்லை, மழையும் இல்லை.

அந்த டீமேக்கர் அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அவர் எதையும் எழுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை பத்து மணி நிறுவைக்கு மடுவத்துக்கு வந்தார். ஸ்டோர் ஆட்கள் மடுவத்துக்கு வருவது அபூர்வம், எல்லாரும் பார்த்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறுவை முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, ஏழு நாள்னு நான் கேட்டேனே, அது நடக்காதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டிருந்தால் என்னிடம் பத்து பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மழுப்பிப் பார்த்தேன். அவர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் 56, 40, எட்டரை நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைக் கேட்டு அனுதாபப்படவும் இல்லை, பாடம் எடுக்கவும் இல்லை. “அப்ப 40 ஆளை வச்சு எத்தனை ஹெக்டயர் ஏழு நாள்ல வரும்?” என்றார்.

அந்த இடத்தில்தான் பேச்சு மாறியது. கொழுந்துச் சாக்கில் ஒட்டியிருந்த சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். நல்ல கொழுந்து விடும் மலைகள் 12 ஹெக்டயர் இருந்தன. அவற்றை மட்டும் ஏழு நாளில் சுற்ற நாளுக்கு இரண்டு ஹெக்டயர், அதாவது 16 ஆள். மிச்சம் 24 ஆளை வைத்து மற்ற 30 ஹெக்டயரை எடுத்தால் பத்து வேலை நாள், நாட்காட்டியில் பன்னிரண்டுக்குப் பக்கம். அது நீளம். ஞாயிற்றுக்கிழமை கிலோ கணக்கில் காசு தரும் கைக்காசுக்கு 20 ஆள் வந்தால் அதைப் பத்து நாளுக்குக் கொண்டுவரலாம். அந்த 12 ஹெக்டயர் கொழுந்தைத் தனி லொறியில் அனுப்பி, ஸ்டோரில் தனியாக வாட்டித் தனியாக அரைப்பது அவர் பொறுப்பு. இளங்கொழுந்து எடுக்கும் அந்த 16 பேருக்குப் பேர் விழும் கிலோவைக் குறைத்துத் தரச் சொல்லித் துரையிடம் கேட்பது இரண்டு பேரின் பொறுப்பு. இதில் யாரும் தியாகம் செய்யவில்லை. அவர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது நிஜமாகவே கிடைத்தது.

துரையிடம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். டீமேக்கர் பேசவில்லை, என்னைப் பேச விட்டார். ஆள் பற்றாக்குறையை ஒரு கோரிக்கையின் நடுவில், தீர்வோடு சேர்த்துச் சொன்னபோது துரை சிரிக்கவில்லை. கிலோ குறைப்புக்கு உடனே ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு மாதம் பார்ப்போம் என்றார். அந்த மாதத்தில் 12 ஹெக்டயரிலிருந்து வந்த கொழுந்தைப் பிரித்து எண்ணியபோது, நூற்றில் 45 என்று கிடந்த நல்ல கொழுந்து 60ஐத் தாண்டியது. மற்ற மலைகளில் ஒரு மாற்றமும் இல்லை.

காலைக் கொழுந்துக்கு டீமேக்கர் என்னிடம் வரவே இல்லை. ஸ்டோர் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார். மூன்று டிவிஷனுக்கும் மூன்று வரிசை, லொறி வந்த நேரம் மட்டும் எழுதப்படும். பேர் இல்லை, திட்டு இல்லை, சிவப்புச் சோக்கட்டி இல்லை. மற்ற இரண்டு டிவிஷனும் பத்தரை, பத்தே முக்கால் என்றிருக்க, என் வரிசையில் இரண்டரை, இரண்டே முக்கால். ஸ்டோருக்கு வருகிற எல்லாரும், துரை உட்பட, அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். இரண்டு கிழமையில் என் லொறி பத்தரைக்கு வரத் தொடங்கியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு விட்டுக்கொடுக்க ஒரு வழி கிடைத்தது. ‘தம்பி சொல்லிச் செய்தேன்’ என்று இல்லாமல், ‘எல்லா டிவிஷனும் செய்கிறது’ என்று ஆகிவிட்டது. மனமில்லாமைக்கு மருந்து பெரும்பாலும் இதுதான். பேசிப் புரியவைக்க முயன்றால் அவர் இன்னும் இறுகுவார். எல்லாரையும் ஒரே கோலால் அளக்கும் ஒரு கணக்கைப் பொது இடத்தில் வையுங்கள். அவருக்கு மட்டும் வைத்தால் அது அவமானம், பலன் தராது.

இனி உங்கள் திங்கட்கிழமைக்கு வருவோம். எண் இல்லாத சரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவரைக் குடைய வேண்டாம், அவரைவிடப் பெரியவர் முன்னால் அது கேவலப்படுத்துவதாகிவிடும். “சரிங்க” என்று அவர் சொன்னதும், “எத்தனை ஆள் வந்தா இது முடியும் ஐயா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அல்லது “எந்த மலையில ஆரம்பிக்கலாம், என்னைக்கு?” என்று. மனதுக்குள் ‘இல்லை’ என்று வைத்திருப்பவருக்கு எண் சொல்வது கஷ்டம். சொல்லவே வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூட்டத்தை மேற்கொண்டு இழுக்காமல் “நாம அப்புறம் மடுவத்துல கதைப்போம்” என்று விட்டுவிடுங்கள்.

அன்றைக்கே, சாயங்காலத்துக்குள், இருவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போடுங்கள். இந்த மாதிரி:

“இன்று பேசியது: 4ஆம், 7ஆம் மலை ஏழு நாளுக்கு ஒரு தடவை, புதன் முதல். ஐயா சொன்னபடி இதற்கு 16 ஆள் வேண்டும். ஆள் குறைந்தால் காலை எட்டு மணிக்குள் எனக்குச் சொல்வார், அன்றைக்கு 7ஆம் மலையை விட்டுவிடலாம். நான் தவறாக விளங்கியிருந்தால் சொல்லுங்கள்.”

இதில் முக்கியமானது இரண்டாவது, மூன்றாவது வரி. பலர் முடிவை மட்டும் எழுதுவார்கள். அது வலை விரிக்கிற மாதிரி, அவருக்கும் அது தெரியும். அவர் வைத்த நிபந்தனையையும், நடக்காமல் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால், ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு ஒரு கண்ணியமான வழி திறக்கிறது. எட்டு மணிக்கு ஒரு போன் வந்தால் அது மீறல் அல்ல, ஒப்பந்தத்தின் பாகம். முதல் இரண்டு மூன்று தடவை அந்தப் போன் வரும்போது முகம் சுளிக்காமல் “சரி ஐயா, சொன்னதுக்கு நன்றி” என்று மட்டும் சொல்லுங்கள். அந்த இடத்தில் பெருமூச்சு விட்டீர்களானால் நான்காவது போன் வராது. ஒன்று கவனம், இந்தச் செய்தியைத் துரைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அரை மணி நேரத்தில் ஐயாவுக்குத் தெரிந்துவிடும், நம் தோட்டங்களில் ரகசியத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு மாதக் கோபம் உங்களை அங்கேதான் தள்ளும். கொப்பியைக் கூட்டத்தில் திறந்து “3ஆம் தேதி சரின்னீங்க, 5ஆம் தேதி என்ன செஞ்சீங்க?” என்று வாசிக்காதீர்கள். வேறொரு தோட்டத்தில் எனக்கு ஒருவர் இதைச் செய்தார். அவர் வாசித்தது அத்தனையும் உண்மை. நான் அன்றிலிருந்து மீறுவதை நிறுத்தினேன். சொன்னதை, சொன்ன எழுத்து மாறாமல், செய்யத் தொடங்கினேன். கொழுந்து பதினொரு மணிக்கு வர வேண்டுமா? அடை மழையில், சொட்டச் சொட்ட, கால் லோடு லொறி பதினொரு மணிக்குச் சரியாக வந்தது. பிறகு இன்னொரு கால் லோடு. ஸ்டோரில் வாட்டும் தொட்டிகளில் இடமில்லாத நாளிலும் ஒரு போன்கூடச் செய்யாமல் கொண்டுபோய் இறக்கினேன். கேட்டபோது “சேர், கூட்டத்துல அப்படித்தானே முடிவாச்சு?” என்றேன். ஒரு மீறலைக்கூட என் பேரில் எழுத முடியவில்லை, ஆனால் அந்த மாதம் ஸ்டோர் பட்ட பாடு சொல்லி மாளாது. மறைமுகமாக எதிர்க்கிறவரைச் சபையில் மடக்கினால் அவர் நேரடியாக எதிர்க்க மாட்டார், இன்னும் ஆழமாக மறைந்துகொள்வார்.

இதெல்லாம் செய்தும் அவர் மாறாமல் இருக்கலாம். இரண்டு மாதம் கணக்கு வையுங்கள். எண் கேட்டு, வழி விட்டு, எழுதி வைத்து, ஆளும் போதுமான அளவு வந்து, அப்போதும் போன் இல்லாமல் மலை பத்து நாளில் எடுபடுகிறது என்றால் அது உங்கள் கைக்கு மீறியது. அவர் உங்களுக்கு மேலதிகாரியுமல்ல, கீழே வேலை செய்பவருமல்ல. அவரைத் திருத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, துரைக்குத்தான் இருக்கிறது. அப்போது போவது கோள் ஆகாது, ஆனால் போகும் விதம் இருக்கிறது. முதலில் அவரிடமே “ஐயா, 4ஆம் மலை விஷயத்தைத் துரைகிட்ட கொண்டு போகப் போறேன், நீங்களும் வாங்க” என்று சொல்லிவிடுங்கள். துரையிடம் ஆளைப் பற்றிப் பேசாமல் மலையைப் பற்றிப் பேசுங்கள். “4ஆம் மலைக் கொழுந்து இரண்டு மாதமாகப் பத்து நாள் முற்றலாக வருகிறது. இதையே வைத்து நான் சமாளிப்பதா, அல்லது ஏழு நாளுக்குக் கொண்டுவருவதா என்று நீங்கள் முடிவு சொல்லுங்கள்.” கையில் கொழுந்து எண்ணிய கணக்கு இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம். துரை பத்து நாளே போதும் என்று சொல்லவும் கூடும். கிலோ வேண்டிய மாதத்தில் சொல்வார்கள், நான் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னால் உங்கள் ஐயா ஆறு மாதமாகத் துரையின் மனதில் இருந்ததைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று அர்த்தம்.

வரும் சனிக்கிழமை மடுவத்துக்குப் போங்கள், பத்து மணி நிறுவைக்கு. கையில் கொப்பி வேண்டாம். நிறுவை முடியும்வரை நில்லுங்கள், எத்தனை பேருக்குப் பேர் விழவில்லை என்று மட்டும் மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ‘பார்ப்போம் தம்பி’ என்று சிரிப்பார். சிரிக்கட்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த சனிக்கிழமையும் போங்கள். நான் மூன்றாவது தடவையில் சொன்னேன் என்று ஞாபகம். மேலே ஒரே நாளில் சொன்ன மாதிரி எழுதிவிட்டேன், அது என் மானத்தைக் காப்பாற்ற.